முறுக்கை எந்த எழுத்தில் தேடுகிறார்கள்?

கிள்ளானில் என் அண்ணி தீபாவளி நேரத்தில் முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி, அச்சு முறுக்கு எல்லாம் செய்து விற்பார். பல ஆண்டுகளாக அக்கம்பக்கம், கோயில், கல்யாண வீடு என்று வாய்வழியாகவே வியாபாரம் நடந்தது. போன தீபாவளிக்கு அவர் மகன், படிவம் நான்கு மாணவன், "நான் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன் அம்மா" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டான். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், தமிழ் நன்றாக எழுதுவான். படத்துக்குக் கீழே ஹேஷ்டேக் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போட்டான். #முறுக்கு, #அதிரசம், #தீபாவளிப்பலகாரம், #கைமுறுக்கு, #பாட்டிபலகாரம் என்று வரிசையாக வைத்தான்.

பார்வைகள் கூடின. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. கருத்துகளும் வந்தன. "மாவு அளவு சொல்லுங்க அக்கா" என்றார் ஒருவர். "கோயம்புத்தூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார் இன்னொருவர். "எங்க ஊரில் இதற்கு வேறு பேர்" என்று மூன்றாமவர் விளக்கினார். கிள்ளானிலிருந்து மட்டும் ஒரு புது ஆர்டரும் வரவில்லை. அதைவிட வருத்தம் என்னவென்றால், அதே தாமானில் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஓர் அக்கா, ஷா ஆலாமிலிருந்து முறுக்கு வரவழைத்தார். "ஏன் எங்களிடம் கேட்கவில்லை?" என்று அண்ணி கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நீங்க விக்கிறது தெரியாதே! நான் போனில் muruku homemade klang என்று தட்டினேன், அவங்கதான் வந்தாங்க."

அந்த அக்காவும் தமிழர்தான், வீட்டில் தமிழ்தான் பேசுகிறார். ஆனால் தேடும்போது விரல் தட்டியது ஆங்கில எழுத்தை. அதுவும் நாம் பள்ளியில் படித்த ஒலிப்புக்குப் பொருந்தாத எழுத்துக்கூட்டு, ஒரே ஒரு k.

இந்த ஒரு சம்பவத்தை வைத்து "தமிழில் எழுதி என்ன பயன்?" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "எல்லாவற்றையும் தமிழிலேயே போடு, மொழி வாழும்" என்று பையனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அண்ணியின் முறுக்கு டின்னிலேயே கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. எந்த எழுத்து எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே சரி. அப்படிப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த கருத்து இதுதான்: உள்ளூர் வாடிக்கையாளரை வாசல் வரை கூட்டி வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்து, அதுவும் நம் ஊர் எழுத்துக்கூட்டு. வந்தவரை உட்கார வைப்பது தமிழ். தமிழ் எழுத்தே வாசலாகவும் அமையும் இடங்கள் சில உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹேஷ்டேக் வேறு, தேடல் வேறு

இளைஞர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஹேஷ்டேக் என்பது ஒட்டிய லேபிள். அதே எழுத்துகளை அதே வரிசையில் ஒட்டிய பதிவுகள் மட்டுமே ஒரு பெட்டியில் சேரும். #muruku ஒரு பெட்டி, #murukku வேறொரு பெட்டி, #முறுக்கு மூன்றாவது பெட்டி. மூன்றும் ஒரே பண்டம் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மட்டும் பொருட்டில்லை. ஆகவே #MurukuKlang என்று படிக்க எளிதாக எழுதினாலும் அது #murukuklang பெட்டியிலேயே சேரும்.

கூகுள் தேடல் அப்படியல்ல. அது ஊகம் செய்யும். murukku என்று தட்டினால் muruku என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் காட்டக்கூடும். பலரும் எழுதும் சில சொற்களுக்குத் தமிழ் எழுத்துப் பக்கமும் வரும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இந்த இணைப்பு நடப்பதில்லை. உங்கள் பொருளுக்கு நடக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. கைப்பேசியில் ஒரு முறை தமிழிலும் ஒரு முறை ஆங்கில எழுத்திலும் தேடி, முதல் பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கடைகள் வந்தால் கூகுள் அந்தச் சொற்களை இணைத்துவிட்டது என்று பொருள். ஒன்றில் கிள்ளான் கடைகளும் மற்றொன்றில் தமிழ்நாட்டுச் சமையல் காணொளிகளும் வந்தால் இணைக்கவில்லை.

அந்த இரண்டாவது நிலைதான் அண்ணி மகனுக்கு நேர்ந்தது. #முறுக்கு என்ற பெட்டிக்கு எல்லை கிடையாது. உலகத்தில் தமிழ் எழுதும் எல்லாரும் அதில் போடுகிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறப்பவர் பெரும்பாலும் முறுக்கு செய்யக் கற்றுக்கொள்ள வருபவர். ஜாலான் மேருவில் வாங்க வருபவர் அல்லர். பார்வை எண் கூடும், விற்பனை கூடாது. வியாபாரத்துக்கு இது வெறும் ஏமாற்று எண்.

ஒரே பண்டத்துக்கு ஊர் வைத்த பெயர்கள்

ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இல்லை. தமிழ் எழுத்தில் முறுக்குக்கு ஒரே எழுத்துக்கூட்டுதான். ஆங்கில எழுத்தில் murukku, muruku, maruku என்று பல. பலகாரத்தை எடுத்துக்கொண்டால் palagaram, palaharam, palakaram என்று ஆளுக்கொரு விதம். இதில் எது உள்ளூர்க்காரர் தட்டுவது என்று கண்டுபிடிப்பதே உண்மையான வேலை.

மலேசியாவில் இதற்கு ஒரு துப்பு உண்டு. தமிழர் உணவுப் பெயர்கள் பல மலாய் வழியாக நிலைபெற்றுவிட்டன. தோசை நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் tosai அல்லது thosai. தமிழ்நாட்டு வழக்கமான dosa இங்கே அவ்வளவாக இல்லை. இடியாப்பம் putu mayam. முறுக்கு muruku அல்லது maruku. இந்த எழுத்துக்கூட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எழுத்துக்கூட்டே ஊரைச் சொல்லிவிடுகிறது. murukku என்ற பெட்டியில் சென்னையும் மதுரையும் கலந்திருக்கும். muruku, maruku என்று எழுதுபவர் பெரும்பாலும் நம் பக்கத்து ஆள். பண்டிகைப் பெயரும் அப்படித்தான். இங்கே பொது விடுமுறையின் பெயர் Deepavali. Diwali என்று எழுதினால் வட இந்தியாவும் லண்டனும் நியூ ஜெர்சியும் கலந்த கூட்டத்தில் போய் நிற்போம்.

இன்னொரு உண்மையையும் மறந்துவிடக் கூடாது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களில் எல்லாரும் தமிழர் அல்லர். தமிழரிலும் எல்லாரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அல்லர். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் சரளமாகத் தமிழ் பேசி, ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத உறவினர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார். அவருக்கும் தீபாவளிக்கு முறுக்கு வேண்டும். அவரோடு வேலை செய்யும் மலாய்த் தோழிக்கும், சீன முதலாளிக்கும் வேண்டும். முறுக்கு இந்த நாட்டில் எல்லாரும் கொறிக்கும் பண்டம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அச்சு முறுக்கு. பூ வடிவ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து எடுக்கும் அந்தப் பண்டத்தை மலாய்க்காரர்கள் kuih ros என்றும் kuih loyang என்றும் அழைக்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு அவர்களும் அதைச் செய்வார்கள், வாங்குவார்கள். அண்ணியின் பதிவில் #அச்சுமுறுக்கு என்று மட்டும் இருந்தால் அந்த வாடிக்கையாளர் கண்ணில் அது படவே படாது. achu murukku என்று ஆங்கில எழுத்தில் மாற்றினாலும் படாது. இங்கே மாற்ற வேண்டியது சொல்லையே, எழுத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தா என்று விவாதிக்கிறவர்கள் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். உங்கள் வாடிக்கையாளர் வாயில் அந்தப் பண்டத்துக்கு என்ன பெயர் என்பதே முதல் கேள்வி. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை அழகான தமிழில் தேடுபவர் கோலாலம்பூரில் எத்தனை பேர்? தமிழரே banana leaf என்றுதான் தட்டுகிறார்கள்.

ஊர்ப் பெயரே பாதி வேலை

கூகுள் உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்தும்போது மூன்றைப் பார்ப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. தேடியதோடு கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பவையே அவை. தூரம் இருப்பதால், கூகுள் வணிகப் பக்கத்தில் உங்கள் இடம் சரியாகப் பதிவாகி இருந்தாலே கிள்ளான்காரருக்குக் காட்டும் வாய்ப்பு கூடும். வீட்டிலிருந்து செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வட்டாரங்களை மட்டும் காட்டவும் வசதி உண்டு.

ஹேஷ்டேக்குக்குத் தூரம் தெரியாது. ஆகவே ஊர்ப் பெயரை நாம்தான் சேர்க்க வேண்டும். இங்கே ஆங்கில எழுத்துக்கு ஒரு தெளிவான வசதி உண்டு. பண்டத்தின் பெயருக்குத்தான் பல எழுத்துக்கூட்டு, ஊர்ப் பெயருக்கு ஒன்றே ஒன்று. பெயர்ப்பலகை, அஞ்சல் முகவரி, பேருந்து, எல்லாவற்றிலும் Klang என்பது Klang. Kajang, Ipoh, Sungai Petani எல்லாம் அப்படியே. தமிழில் கிள்ளான் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. கிளாங் என்று எழுதுபவரும் உண்டு. காஜாங், காஜங், காசாங் என்று மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். "#கிள்ளானில் கிடைக்கும்" என்று வாக்கியத்துக்குள் எழுதினால், அது கிள்ளான் என்ற பெட்டியில் சேராது, கிள்ளானில் என்ற தனிப் பெட்டியில் சேரும். அந்தப் பெட்டியில் உங்கள் பதிவு தனியாக உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் in தனிச் சொல் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் ஹேஷ்டேக்கை வாக்கியத்துக்குள் நுழைக்காமல் கடைசியில் தனியாக, எழுவாய் வடிவில் போடுவதே நல்லது.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டிய மூன்று

அண்ணி மகன் ஒட்டிய லேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது, சந்தி. அவன் இலக்கணப்படி #தீபாவளிப்பலகாரம் என்று ப் போட்டு எழுதியிருந்தான். ப் போடாமல் #தீபாவளிபலகாரம் என்று எழுதுபவரும் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு பெட்டிகள். ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்கும் வடிவமும் மக்கள் தட்டும் வடிவமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. என் யோசனை, இரண்டு சொல் சேர்ந்த தமிழ் லேபிளையே தவிர்ப்பது. #தீபாவளி, #பலகாரம் என்று பிரித்துப் போட்டால் சந்தித் தகராறே இல்லை, இலக்கணமும் கெடாது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத குறியீடு. முறுக்கு நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறியீடு: ம, உகரக் குறி, ற, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாகக் கருதாத செயலியில் லேபிள் நடுவிலேயே அறுந்துவிடும். பெரிய தளங்களில் இப்போது இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. சிறிய விற்பனைத் தளங்களில் இன்னும் நடக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. பதிவேற்றிய பிறகு லேபிள் முழுவதும் நீல நிறமாகி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எழுத்து மட்டும் நிறம் மாறி மீதி கறுப்பாக இருந்தால் அறுந்துவிட்டது. பிறகு அந்த லேபிளைத் தொட்டுப் பாருங்கள். மற்றவர்கள் பதிவும் வந்தால் சரியான பெட்டி. நிறையப் பேர் எழுதும் சொல்லாக இருந்தும் உங்கள் பதிவு மட்டும் வந்தால் ஏதோ பிழை.

அப்படிப் பிழை வர ஒரு காரணம், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய தமிழ். கொழுக்கட்டையின் கொ என்ற எழுத்தில் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியீடாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். காலுக்குப் பதில் ர என்ற எழுத்தைத் தட்டியவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் ஒட்டியதை அழித்துவிட்டுக் கைப்பேசி விசைப்பலகையில் புதிதாகத் தட்டிவிடுங்கள்.

மூன்றாவது, எழுத்துப் பிழை. முறுக்கு வல்லின ற. முருக்கு என்று இடையின ர போட்டால் அது வேறு பெட்டி மட்டுமல்ல, வேறு சொல்லும்கூட. வாடிக்கையாளர் பிழையாகத் தட்டுவார் என்று நாமும் பிழையாக எழுத வேண்டுமா என்று பையன் கேட்டான். ஆங்கில எழுத்தில் muruku, maruku இரண்டையும் போடுவதில் தவறில்லை, ஏனென்றால் அங்கே சரியான வடிவம் என்று ஒன்று நிலைபெறவில்லை. தமிழில் சரியான வடிவம் இருக்கிறது. பிழையை நாமே பரப்ப வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. அதனால் இழக்கும் வாடிக்கையாளர் மிகக் குறைவு.

தமிழ் எழுத்து வெல்லும் இடங்கள்

இதுவரை படித்தவர்கள் நான் தமிழை ஓரங்கட்டுகிறேன் என்று நினைக்கலாம். இல்லை. தமிழ் எழுத்து உள்ளூர் வாடிக்கையாளரை நேராகக் கொண்டுவரும் வழிகள் உண்டு.

முதல் வழி குரல் தேடல். தட்டச்சு செய்யச் சிரமப்படும் அம்மாக்களும் பாட்டிமார்களும் இப்போது ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசுகிறார்கள். கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் மொழிக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு தெரிவுகள் இருக்கின்றன. குரல் மொழியைத் தமிழாக வைத்தவர் "கிள்ளானில் முறுக்கு எங்கே கிடைக்கும்" என்று பேசினால், அது தமிழ் எழுத்திலேயே தேடலுக்குப் போகிறது. அந்தத் தேடலுக்கு உங்கள் பக்கத்தில் கிள்ளான், முறுக்கு என்ற இரண்டு சொல்லும் தமிழில் இருப்பது உதவும். எழுதத் தெரியாத தலைமுறையும் படிக்க மட்டும் தெரிந்த தலைமுறையும் தமிழ் எழுத்தில் தேடுவது இப்படித்தான். உங்கள் பாட்டியின் கைப்பேசியில் குரல் மொழி எதுவென்று ஒரு முறை பாருங்கள். ஆங்கிலம் அல்லது மலாயாக இருந்தால் அவர் பேசும் தமிழ் குழம்பிய எழுத்தாகத்தான் போகும்.

இரண்டாவது வழி, பொருளே தமிழ் எழுத்தைச் சார்ந்திருப்பது. தமிழ்ப் புத்தகம், தமிழில் அச்சடித்த திருமண அழைப்பிதழ், குழந்தைகளுக்கான எழுத்து அட்டை, தேவாரப் பயிற்சி ஆகியவற்றைத் தேடுபவர் தமிழ் வாசிப்பவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இங்கும் விதிவிலக்கு உண்டு. தமிழ்ப் பாட டியூஷனைத் தேடும் பெற்றோர் பலர் பாடத்தின் அதிகாரப்பூர்வப் பெயரான Bahasa Tamil என்பதையே தட்டுகிறார்கள். டியூஷன் ஆசிரியர் இரண்டையும் எழுத வேண்டும்.

மூன்றாவது வழி, வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரை. கூகுள் வணிகப் பக்கத்தில் ஒருவர் "அச்சு முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது" என்று தமிழில் எழுதினால், அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு மதிப்புரையின் அந்த வரியையே சில நேரம் கூகுள் எடுத்துக் காட்டும். கடைக்காரர் எவ்வளவு எழுதினாலும் வராத நம்பிக்கை அதில் வரும். இதற்காகக் கடையின் பெயரிலேயே muruku klang murah sedap என்று சொற்களை அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது. பக்கமே முடக்கப்படலாம். பெயர் பெயராகவே இருக்கட்டும். சொற்களை 750 குறியீடுகள் வரை எழுதக்கூடிய விளக்கப் பகுதியில் வையுங்கள். தமிழில் எழுதினால் உயிர்க்குறிகளும் கணக்கில் சேருவதால் இடம் சீக்கிரம் தீரும். ஆகவே தமிழ்ப் பகுதியைச் சுருக்கமாக எழுதுங்கள்.

நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள்

நான் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். உங்கள் ஊர், உங்கள் பொருள் வேறாக இருக்கலாம். செலவில்லாமல் சோதிக்க வழி உண்டு.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். கூகுள் டிரெண்ட்ஸ் பக்கத்தில் நாட்டை மலேசியா என்று வைத்து muruku, murukku, முறுக்கு மூன்றையும் ஒப்பிடுங்கள். அது காட்டும் எண் தேடியவர்களின் தலைக்கணக்கு அல்ல. உச்சத்தை 100 என்று வைத்துக் காட்டும் ஒப்பீடு மட்டுமே. தேடல் மிகக் குறைவாக இருந்தால் கோடே வராது. அதனால் அங்கே பூஜ்யம் என்றால் யாருமே தேடவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள்.

பிறகு இன்ஸ்டாகிராமில் இரண்டு பதிவுகள். ஒரே மாதிரிப் படம், அடுத்தடுத்த வாரங்களில் அதே கிழமை, அதே நேரம், அதே விலை. முதல் பதிவில் ஆங்கில எழுத்து லேபிள், இரண்டாவதில் தமிழ் லேபிள். லேபிள் மூன்று முதல் ஐந்து போதும். இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2021இல் அவ்வளவுதான் பரிந்துரைத்தது. முதல் பதிவில் "மயில் என்று சொன்னால் ஓமப்பொடி ஒரு பொட்டலம் இலவசம்" என்றும், இரண்டாவதில் "குயில் என்று சொன்னால்" என்றும் எழுதுங்கள். முகநூலிலும் சோதித்தால் வாட்ஸ்அப் இணைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்துவிடலாம். தொட்டவுடன் சொல் தானாக வந்து நிற்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண்ணைப் போடுங்கள்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=mayil
https://wa.me/60XXXXXXXXX?text=kuyil
```

இரண்டு வாரம் கழித்து மூன்றை எழுதி வையுங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்கள் எந்த ஊர், எத்தனை ஆர்டர். கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றியிருந்தால் ஊர் விவரத்தை இன்ஸ்டாகிராம் காட்டும். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். தமிழ் லேபிளை 2,000 பேர் பார்த்து 2 ஆர்டர் வந்தது, ஆங்கில லேபிளை 300 பேர் பார்த்து 6 ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பார்வையை மட்டும் பார்ப்பவர் தமிழ் வென்றது என்பார். முறுக்கு சுடுபவர் 6 பெரிதா 2 பெரிதா என்றுதான் பார்ப்பார். அதே நேரம், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரே ஒரு பெரிய குடும்பம் வாங்கினாலும் முடிவு தலைகீழாகிவிடும். ஆகவே ஒரு முறையோடு நிறுத்தாமல், பதிவுகளின் வரிசையை மாற்றி இன்னொரு முறை செய்து பாருங்கள். கூகுள் வணிகப் பக்கம் இருந்தால் மக்கள் என்ன சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலையும் அது தரும். அந்தப் பட்டியல்தான் நேரடிச் சான்று.

மொழிப் பற்றை எங்கே காட்டுவது?

"எல்லாரும் இப்படி ஆங்கில எழுத்துக்குப் போனால் தமிழ் இணையத்தில் எப்படி இருக்கும்?" என்று என் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது. ஹேஷ்டேக்கை யாரும் வாசிப்பதில்லை. அது அஞ்சல் உறையின் மேல் இருக்கும் முகவரி. அஞ்சல்காரருக்குப் புரியும் எழுத்தில் அது இருக்கட்டும். உள்ளே இருக்கும் கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். ஐந்து தமிழ் லேபிளை ஒட்டிவிட்டு, விளக்கத்தை "Murukku romba crispy, order pannunga" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். உறை தமிழ், கடிதம் தங்கிலீஷ். இது தலைகீழ். யாரும் வாசிக்காத இடத்தில் தமிழ் இருக்கிறது, வாசிக்கும் இடத்தில் இல்லை.

இந்த ஆண்டு அண்ணி பக்கத்துக்கு நாங்கள் எழுதி வைத்திருப்பது இப்படி இருக்கிறது. முதல் வரி: Muruku homemade, Klang. அடுத்து நல்ல தமிழில் மூன்று வாக்கியம். கிள்ளானில் வீட்டில் சுட்ட கை முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம். எந்தத் தேதிவரை ஆர்டர் எடுப்போம், எந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்து தருவோம். பிறகு மலாயில் ஒரு வரி, அதில் kuih ros என்ற சொல். கடைசியில் ஐந்து லேபிள்: #muruku #murukuklang #kuihros #deepavalimalaysia, ஐந்தாவதாக #முறுக்கு. டின்னில் ஒட்டும் தாளில் பண்டத்தின் பெயர் பெரிய தமிழ் எழுத்தில், கீழே சிறியதாக ஆங்கில எழுத்தில்.

அந்த ஐந்தாவது லேபிளை எடுத்துவிடலாமா என்று பையனிடம் கேட்டேன். "இருக்கட்டும் சித்தப்பா, பாட்டி போனில் பேசித் தேடினா வரணும்ல" என்றான். குரல் தேடலுக்கு லேபிளைவிட விளக்கத்தில் இருக்கும் தமிழ் வாக்கியம்தான் உதவும் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, அந்த வாக்கியத்தில் முறுக்கு, கிள்ளான் இரண்டும் இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்தான். லேபிளையும் எடுக்கவில்லை.